வரிசையில் பூஜ்யம் என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள்: கண்காணிப்புக்குப் பணம் கட்டி இருமுறை ஏமாந்தோம்

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் சிறு நிறுவனம் எங்களுடையது. டீலர்கள் தங்கள் ஆர்டரை ஒரு சி.எஸ்.வி. கோப்பாக எங்கள் எஸ்.எஃப்.டி.பி. சர்வரில் போட்டுவிடுவார்கள். அந்தக் கோப்புறையைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஒரு நிரல் புதுக் கோப்பு வந்ததும் அதை எடுத்து வரிசையில் சேர்க்கும். வரிசையிலிருந்து இன்னொரு நிரல் அதை வாங்கிச் சரிபார்த்து, ஆர்டர் அட்டவணையில் பதியும். இந்த ஏற்பாடு முழுவதையும் பராமரிக்கவும், 24 மணி நேரமும் கண்காணிக்கவும் ஒரு நிறுவனத்துக்கு மாதக் கட்டணம் கட்டி வந்தோம். அதன் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் அவர்கள் விற்றதைப் போன்ற கண்காணிப்பைப் பலரும் விற்கிறார்கள் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

ஐப்பசி மழையில் பம்பு உதிரி விற்பனை படுத்துவிடுவது எங்களுக்குப் பழக்கம்தான். அதனால் கடந்த ஐப்பசியில் நாலைந்து நாளாக ஆர்டர் வரவில்லை என்றபோது யாருக்கும் சந்தேகம் எழவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நான் கேட்டதற்கு, வரிசையில் 0, பிழை 0, நிரலின் நிலை `active (running)` என்று மூன்று பச்சைக் கட்டங்கள் கொண்ட திரைப்பிடிப்பு ஒன்றை அனுப்பி, "ஆர்டர் வந்தால்தானே சார் ஓடும்" என்று பதில் எழுதினார்கள். பதினோராவது நாள் தென்காசியிலிருந்து ஒரு டீலர் அழைத்தார். "அண்ணாச்சி, மெக்கானிக்கல் சீல் கேட்டு ஒன்பது நாளாச்சு, சரக்கு இல்லைன்னாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார். சர்வருக்குள் போய் `ls` கொடுத்துப் பார்த்தேன். அந்தக் கோப்புறையில் 41 கோப்புகள் தொடப்படாமல் கிடந்தன.

காரணம் இதுதான். அந்த நிறுவனம் எங்களுக்குச் சொல்லாமல் ஆர்டர் கோப்புறையை வேறொரு இயந்திரத்தில் உள்ள என்.எஃப்.எஸ். சேமிப்பகத்துக்கு மாற்றியிருந்தது. கவனிக்கும் நிரலோ லினக்ஸின் `inotify` வசதியை நம்பி எழுதப்பட்டது. அந்த வசதி, தான் ஓடும் இயந்திரத்தின் வழியாக நடக்கும் மாற்றங்களை மட்டுமே சொல்லும். வலைவழிச் சேமிப்பகத்தில் இன்னொரு இயந்திரம் எழுதிய கோப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. எனவே நிரல் உயிரோடு இருந்தது, பிழை எதுவும் எழவில்லை, வரிசையும் காலியாகவே இருந்தது. மூன்று பச்சைக் கட்டங்களும் உண்மையைத்தான் சொல்லின. வேலையே வராத வரிசைக்கும், வேலை வந்துசேர வழியே இல்லாத வரிசைக்கும் அந்தத் திரையில் வேறுபாடு கிடையாது என்பதுதான் சிக்கல்.

கோப்புறையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்க்கும்படி நிரலைத் திருத்தினார்கள். அத்துடன் இனி மணிக்கு ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பார்ப்போம் என்று சொல்லி, அதற்குத் தனிக் கட்டணமும் சேர்த்தார்கள். இதற்குக் கேனரி என்று பெயர். நிலக்கரிச் சுரங்கத்தில் நச்சு வாயுவை அறியக் கூண்டில் கொண்டுபோன பறவையிலிருந்து வந்த சொல். எங்கள் அலுவலகத்தில் அது குருவி ஆகிவிட்டது. பர்மா பஜாருக்குச் சரக்கு தூக்கி வந்தவர்களுக்கும் அதே பெயர்தான் என்று கணக்கர் சிரித்தார். அது ஒருவகையில் பொருத்தம்தான், ஏனென்றால் நம் குருவியும் சரக்கோடு மறுமுனைக்கு வந்து சேர்ந்தால்தான் கணக்கு.

தை மாதத்தில் மறுபடியும் நான்கு நாள் அமைதி. குருவி மணிக்கு மணி பத்திரமாக வந்து சேர்வதாக அவர்களுடைய அறிக்கை சொன்னது. இம்முறை நான் பதினோரு நாள் காத்திருக்கவில்லை. அந்தக் குருவியின் ஆர்டர் எண்ணை எடுத்து ஒவ்வொரு நிரலின் பதிவேட்டிலும் தேடினேன். கடைசி நிரலின் பதிவேட்டில் இருந்தது. கோப்புறையைக் கவனிக்கும் நிரலின் பதிவேட்டிலும், எஸ்.எஃப்.டி.பி. பதிவேட்டிலும் இல்லை. அதாவது அவர்கள் கோப்பு எதையும் போடவேயில்லை. செய்தியை நேரே வரிசைக்குள் நுழைத்துவிட்டு, அதையே முழுச் சோதனை என்று மூன்று மாதம் பில் போட்டிருக்கிறார்கள். எஸ்.எஃப்.டி.பி. பதிவேட்டிலோ டீலர் ஒவ்வொருவர் பெயரிலும் `bad ownership or modes for chroot directory` என்ற வரி நிரம்பிக் கிடந்தது. யாரோ மேல் கோப்புறையில் `chown -R` கொடுத்து உரிமையாளரை மாற்றியிருக்கிறார்கள். அது ரூட் வசம் இல்லாவிட்டால் ஓப்பன் எஸ்.எஸ்.எச். யாரையும் உள்ளே விடாது. வாசல் பூட்டிக் கிடந்தது, அவர்களுடைய குருவி கொல்லைப்புறமாக வந்துபோய்க்கொண்டிருந்தது.

இப்போது குருவியை நாங்களே விடுகிறோம். டீலருக்குக் கொடுப்பது போன்ற ஒரு கணக்கில், அலுவலக இயந்திரம் ஒன்றிலிருந்து மணிக்கு ஒருமுறை இது ஓடுகிறது:

```
ID="KURUVI-$(date +%Y%m%d%H%M)"
sed "s/@ID@/$ID/" kuruvi.csv > /tmp/$ID.csv
echo "put /tmp/$ID.csv incoming/" | sftp -b - kuruvi@orders
sleep 600
psql -tA -c "select 1 from orders where order_no='$ID'" \
  | grep -q 1 && curl -fsS "$PING_URL"
```

பத்து நிமிடம் என்பது எங்கள் அளவு. சாதாரண ஆர்டர் நான்கு நிமிடத்துக்குள் பதிவாகிவிடும். கடைசி வரியைக் கவனியுங்கள். தோல்வி என்றால் எச்சரி என்று அங்கே எழுதவில்லை. வெற்றி என்றால் மட்டும் வெளியே உள்ள ஒரு சேவைக்குச் சொல்கிறது. அந்தச் சேவைக்கு ஒன்றரை மணி நேரம் தகவல் போகாவிட்டால் அது என் கைபேசியை அழைக்கும். குருவி விடும் இயந்திரமே மின்வெட்டில் அணைந்துபோனாலும் அழைப்பு வரும்.

ஆர்டர் எண் ஒவ்வொரு முறையும் மாறுவதற்கும் காரணம் உண்டு. முதல் நாள் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பினேன். ஒரே ஆர்டர் இருமுறை பதிவாகாமல் தடுக்கும் பகுதி இரண்டாவது குருவியைச் சரியாகவே தள்ளிவிட்டது. ஆனால் பழைய வரி அட்டவணையில் இருந்ததால் என் சோதனை அதைப் பார்த்து வெற்றி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நான் அவர்களிடம் கண்ட குறையை நானே ஒரு நாள் செய்துவைத்தேன்.

டீலர் எண் 9999 என்று வரும் ஆர்டரைப் பதிவான பிறகு கிடங்குக்கும் ஜி.எஸ்.டி. பில்லுக்கும் போகவிடாமல் நிறுத்த வேண்டும் என்பதும் இரண்டாம் நாள்தான் தெரிந்தது. அதற்குள் கிடங்குப் பையன் ஏழு கிளாண்ட் பேக்கிங்கை அட்டைப்பெட்டியில் கட்டி வைத்துவிட்டான். தடுப்பைக் கடைசிப் படியில் வைத்திருக்கிறோம், ஏனென்றால் முன்னதாக வைத்தால் அதற்குப் பின்னுள்ள படிகள் சோதிக்கப்படாமலே போய்விடும்.

பழைய நிறுவனம் கேனரிக் கட்டணத்தில் ஒரு மாதத்தை மட்டும் திருப்பித் தந்தது. புது ஒப்பந்தத்தில், சோதனை ஆர்டர் டீலர் நுழையும் அதே வாசலில் கோப்பாக நுழைய வேண்டும், அதன் எண் எல்லாப் பதிவேடுகளிலும் இருக்க வேண்டும், முடிவை நாங்கள் எங்கள் கையால் பார்ப்போம் என்று எழுதி வாங்கியிருக்கிறோம்.

போன வாரம் விருதுநகர் டீலர் ஒருவரின் கோப்பு மட்டும் நிராகரிக்கப்பட்டது. அவர் எக்செல்லில் யு.டி.எஃப்-8 சி.எஸ்.வி. என்று சேமித்திருந்தார், எக்செல் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளைச் சேர்த்துவிட, முதல் பத்தியின் பெயர் பொருந்தவில்லை. அந்த நேரத்தில் எங்கள் குருவி ஒரு தடவைகூடத் தவறாமல் வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது, ஏனென்றால் அதன் கோப்பில் அந்த மூன்று பைட்டுகள் இல்லை. இப்போது எக்செல்லில் சேமித்த இரண்டாவது குருவி ஒன்றும் அரை மணி பிந்திப் போகிறது.