ஒரே ராத்திரியில் மாத்திரை வைத்து வண்டை ஒழிப்பதாகச் சொல்பவர்களிடம் ஜாக்கிரதை

மன்னார்குடிப் பக்கம் உளுந்து, பயறு போடுகிறவர்கள் இதை அவசியம் படியுங்கள். நெல் அறுப்புக்குமுன் தெளித்த உளுந்து எங்களுக்கு நன்றாகவே கண்டது. விலை ஏறட்டும் என்று மூட்டைகளைப் பின்கட்டு அறையில் அடுக்கி வைத்திருந்தோம். ஒருநாள் மூட்டையைப் பிரித்துப் பார்த்தபோது உளுந்தின் தோலில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள். சில மணிகளில் வட்டமாக ஓட்டை. பயறு வண்டு.

டவுனில் மருந்துக்கடை வழியாக ஒருவர் வந்தார். மூட்டைகளின் மேல் தார்ப்பாயைப் போட்டு, இடையில் மாத்திரைகளைச் செருகி, கதவைச் சாத்திவிட்டுப் போனார். "காலையில பாருங்க, ஒண்ணுகூட உசுரோட இருக்காது" என்றார். மறுநாள் காலை தார்ப்பாயை எடுத்தபோது தரையெல்லாம் செத்த வண்டு. காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்றே வாரத்தில் அதே மூட்டைகளிலிருந்து புது வண்டு ஊர்ந்து வந்தது. போன் செய்தால், "உங்க சாக்குல இருந்து புதுசா வந்திருக்கும்" என்கிறார்.

அது வெளியிலிருந்து வந்த வண்டு இல்லை. நாம் கண்ணால் பார்க்கும் வண்டு உளுந்தைத் தின்பதே கிடையாது. தோலின் மேல் முட்டையை ஒட்டிவிட்டுச் செத்துப்போகும். முட்டையிலிருந்து வரும் புழு நேராக மணிக்குள் துளைத்துப் போய், உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகத்தான் வெளியே வரும். இந்தச் சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம். மாத்திரையிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு வண்டைச் சீக்கிரம் கொன்றுவிடும். முட்டையும் கூட்டுப்புழுவும் அதைத் தாங்கும். அவையும் சாக வேண்டுமென்றால் வாயு ஒரு வாரமாவது கசியாமல் உள்ளேயே நிற்க வேண்டும். கிடங்குகளில் வாயு புகாத கனமான விரிப்பைப் போட்டு, ஓரத்தை மணல் நிரப்பிய நீளப் பைகளால் அழுத்தி வைப்பது இதற்காகத்தான். ஓட்டைத் தார்ப்பாயும் ஒரு ராத்திரியும் செத்த வண்டைக் காட்டிக் காசு வாங்க மட்டுமே உதவும்.

பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் வேறு விஷயத்தில். அந்த அறைக்கு அடுத்த அறையில் அம்மா படுத்திருந்தார். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது. கதவிடுக்கு வழியாக வாயு வரும், அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. பூண்டு அல்லது அழுகிய மீன் மாதிரி வாடை, கூடவே தலைவலி, குமட்டல் என்றால் உடனே எல்லோரும் வெளியேறி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாடை வரவில்லை என்பதால் வாயு இல்லை என்றும் அர்த்தமில்லை. இந்த மாத்திரையைப் பொதுமக்களுக்கு விற்கச் சட்டத்தில் இடமில்லை. உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள்தான் கையாளலாம். வருகிறவரிடம் முதலில் உரிமத்தைக் கேளுங்கள், அடுத்து எத்தனை நாள் மூடி வைப்பார் என்று கேளுங்கள். வாயுவை அளக்கும் கருவியும் முகமூடியும் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். நான் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

மிச்சமிருந்த உளுந்துக்கு இப்போது காற்றுப் புகாத பைதான். இது தடிமனான, காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் உறை. வெளியே வழக்கமான சாக்கு. வாய் இறுகியதும் உள்ளே இருக்கும் புழுவும் வண்டும் மூச்சுவிட்டே ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு அடங்கிவிடும். மருந்தே வேண்டாம். இதிலும் ஏமாற்று உண்டு. உரச் சாக்குக்குள் வரும் மெல்லிய பாலித்தீன் உறையையே இந்தப் பெயரில் விற்கிறார்கள். வாங்கும்போது உறைக்குள் காற்றை நிரப்பி, வாயை முறுக்கிப் பிடித்து அழுத்திப் பாருங்கள். காற்று இறங்கினால் வேண்டாம்.

பைக்குள் போடுமுன் காய்ச்சல் பார்க்க வேண்டும். பை ஈரத்தை எடுக்காது. ஈரத்தோடு கட்டினால் பூஞ்சைதான் பிடிக்கும். நெல்லுக்கு 14 சதவீதத்துக்குள், உளுந்து பயறுக்கு 10 சதவீதம் வாக்கில் இருந்தால் நல்லது. உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் பொடி உப்போடு குலுக்கி, உப்பு கண்ணாடியில் ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அது சுமார் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால்தான் காட்டும், உளுந்துக்குப் போதாது. ஈரமானியில் ஒரு கை போட்டுப் பார்ப்பதே நிச்சயம். நாங்கள் மறுபடி வெயிலில் காயப்போட்டு, சலித்து, சூடு ஆறியபிறகே கட்டினோம்.

கட்டிய பையை ஒரு மாதத்துக்காவது பிரிக்காதீர்கள். ஆசைக்கு ஒருமுறை திறந்தாலும் புதுக் காற்று போய் உள்ளே இருப்பவை பிழைத்துக்கொள்ளும். வீட்டுச் செலவுக்கு வேண்டியதை முதலிலேயே தனியாக டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். அதை உடைத்துப் பருப்பாக்கி வைத்தால் இந்த வண்டு அவ்வளவாக அண்டாது. பையை எலி கடிக்காத இடமாகப் பார்த்து, சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்குங்கள்.