மூன்று வயர் என்று சொல்லி இரண்டு வயர் கேபிளைக் கட்டிவிட்டார்கள்: 38,400 ரூபாய் போச்சு

வயிறெரிந்து எழுதுகிறேன், அங்கங்கே வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 38,400 ரூபாய். இதில் சென்சாருக்கும் கேபிளுக்கும் கொடுத்தது 3,400 மட்டும்தான். மீதி 35,000 ஒரு லாட் துணியைத் திரும்பச் சாயம் போட்டதில் போனது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எலக்ட்ரிக்கல் சாமான், கண்ட்ரோலர், சென்சார் எல்லாம் விற்கிற, "ஃபிட்டிங்கும் நாங்களே செஞ்சு தர்றோம்" என்று போர்டு வைத்திருக்கிற மாதிரிக் கடை. திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கு அந்த மாதிரிக் கடை தெரியாமல் இருக்காது.

துணிக்குச் சாயம் ஏற்றுகிற வின்ச் மிஷினில் தண்ணீரின் சூட்டை அளக்கிற பழைய பிடி100 சென்சார் செத்துப்போனது. அந்தச் சூட்டைக் காட்டி ஸ்டீமைத் திறந்து மூடுகிற கண்ட்ரோலர் இருக்கும் பேனல் தனி அறையில் இருக்கிறது. ஸ்டீம் லைன் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனால் மிஷினிலிருந்து பேனலுக்கு 30 மீட்டர் வரும். அதனால்தான் கடையில் முதல் வார்த்தையாகவே "தூரம் ஜாஸ்தி, மூணு வயர் சென்சார்தான் வேணும், கேபிளும் மூணு கோர்" என்று சொன்னேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் எங்களுக்குச் சொல்லணுமாங்க தம்பி? இந்த ஊர்ல பாதிப் பட்டறைக்கு நாமதான்" என்றார். ஒரு சென்சாரை எடுத்து, அதன் வாலில் இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை வயரைப் பிரித்துக் காட்டினார். மேஜை மேல் இருந்த கண்ட்ரோலரில் மாட்டியதும் 31 என்று காட்டியது. கடைக்குள் இருந்த வெயிலுக்கு அது சரிதான். உள்ளங்கையில் பொத்திப் பிடித்தார், எண் ஏறியது. "பாத்துக்கங்க" என்றார். அந்த இடத்தில்தான் நம்பினேன். ஒரு மீட்டர் வாலோடு மாட்டினால் எந்த வயரிங்கும் சரியாகத்தான் காட்டும், சிக்கலே 30 மீட்டரில்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் அவர் ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். மிஷினில் அப்போது சூடான தண்ணீர் இருந்தது. ஏதோ எழுபதுக்கு மேல் காட்டியது, சரி என்று விட்டோம். பேனல் பக்கம் வந்து நின்ற முனையிலும் இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை. பார்த்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அடுத்த லாட் 200 கிலோ, மரூன். 80 டிகிரியில் பிடிக்க வேண்டிய ரியாக்டிவ் சாயம். கண்ட்ரோலர் 80 காட்டியது, ஸ்டீம் வால்வை மூடியது, நேரத்தையும் பிடித்தது. கடைசியில் சோப்புப் போட்டு அலசுகிற சோப்பிங்கில் சாயம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வெளுத்துப்போய் ஏதோ பழைய செங்கல் நிறத்தில் வந்து நின்றது துணி. மாஸ்டர் முதலில் சோடாவைத் திட்டினார், அப்புறம் சாயக் கம்பெனியைத் திட்டினார். அதற்கப்புறம்தான் பக்கத்துப் பட்டறையில் இருந்து ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் வாங்கிவந்து தண்ணீரில் விட்டார். பேனல் 80 என்கிறது, தெர்மாமீட்டர் 66-க்கும் 67-க்கும் நடுவில் நிற்கிறது.

ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்தால்தான் கடைக்காரன் செய்தது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று புரியும். பிடி100 என்பது பிளாட்டினத்தால் ஆன ஒரு மின்தடை. 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். தோராயமாக ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான் ஏறுகிறது. கண்ட்ரோலருக்குத் தெரிவது ஓம் மட்டும்தான். அந்த ஓம் பிளாட்டினத்தில் இருந்து வருகிறதா, நடுவில் ஓடுகிற செம்புக் கம்பியில் இருந்து வருகிறதா என்று அதற்குத் தெரியாது. எனக்குக் கட்டிய கேபிளின் கம்பி 0.2 சதுர மில்லிமீட்டர், தலைமுடி மாதிரி. 30 மீட்டருக்கு ஒரு கம்பியின் தடை சுமார் 2.6 ஓம். போக ஒன்று, வர ஒன்று, மொத்தம் 5.2 ஓம். அதை 0.385-ஆல் வகுத்துப் பாருங்கள், பதின்மூன்று டிகிரிக்கு மேல் வருகிறது. 80-க்கும் 66-க்கும் நடுவில் காணாமல் போனது அதுதான்.

இந்த வயர் தடையைக் கணக்கில் இருந்து நீக்குவதற்காகத்தான் மூன்றாவது வயரே இருக்கிறது. பிரிட்ஜ் சுற்று என்பது இரண்டு பக்கத் தடைகளைத் தராசு மாதிரி ஒப்பிடுகிற சுற்று; சென்சார் அதன் ஒரு கையில் உட்காருகிறது. சென்சாரின் ஒரு முனையில் இருந்து வெள்ளை வயர் வருகிறது, அது சென்சார் இருக்கும் கையிலேயே சேர்கிறது. இன்னொரு முனையில் இருந்து இரண்டு சிவப்பு வயர்கள். ஒரு சிவப்பு, பிரிட்ஜின் பக்கத்துக் கையில், அதாவது சென்சாரோடு ஒப்பிடுகிற ரெசிஸ்டர் இருக்கும் கையில் சேர்கிறது. இன்னொரு சிவப்பு, இரண்டு கைகளும் சந்திக்கும் புள்ளியையே சென்சாரின் தலைமாட்டுக்குக் கொண்டுபோய் வைக்கிறது. இப்போது சென்சார் கையில் ஒரு கம்பியின் 2.6 ஓம், பக்கத்துக் கையிலும் ஒரு கம்பியின் 2.6 ஓம். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடைக் கல்லைக் கூடுதலாக வைத்த மாதிரி, முள் அசையாது. மூன்றாவது கம்பியின் தடை எந்தக் கையிலும் சேர்வதில்லை, அதனால் அது கணக்கைக் கெடுக்காது. இப்போது வருகிற டிஜிட்டல் கண்ட்ரோலர்களில் பலவற்றில் நேரடிப் பிரிட்ஜ் இல்லை; வயரில் எவ்வளவு விழுகிறது என்று தனியாக அளந்து கழித்துக்கொள்கின்றன. ஆனால் அவையும் மூன்று கம்பிகளும் ஒரே தடை என்று நம்பித்தான் கழிக்கின்றன.

எங்கள் எலக்ட்ரீஷியன் பேனலில் இருந்து மூன்று வயரையும் கழற்றி மல்டிமீட்டர் வைத்தார். மிஷின் ஆறி, தண்ணீர் 30 டிகிரியில் இருந்தது. அந்தச் சூட்டில் பிடி100 மட்டும் 111.7 ஓம் காட்ட வேண்டும். வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவில் வைத்தபோது 116.8. சரி, வயரோடு சேர்த்து அப்படித்தான் வரும். அடுத்து சிவப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் வைத்தார். இரண்டு சிவப்பும் உண்மையிலேயே சென்சார் வரை போய்த் திரும்பினால் அங்கே 5.2 வர வேண்டும். வந்தது 0.2. மல்டிமீட்டரின் சொந்த வயருக்கே அவ்வளவு வரும். அதாவது இரண்டு சிவப்பும் பக்கத்திலேயே எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பேனலில் இருந்து ஒரு முழம் தள்ளி கருப்பு ஸ்லீவ் ஒன்று இருந்தது. பிளேடால் கீறிப் பார்த்தால், உள்ளே வெறும் இரண்டு கோர் கேபிள். அதில் ஒரு கோரின் முனையில் இரண்டு துண்டுச் சிவப்பு வயரை முறுக்கி வைத்திருக்கிறார்கள், சால்டர்கூட இல்லை. மிஷின் பக்கத்து ஜாயிண்டிலும் அதே கதை: சென்சாரில் இருந்து வந்த இரண்டு சிவப்பையும் சேர்த்து முறுக்கி ஒரே கோரில் விட்டிருந்தார்கள். இரண்டு முனையிலும் பார்வைக்கு மூன்று வயர், நடுவில் 30 மீட்டரும் இரண்டே வயர். பிரிட்ஜின் பக்கத்துக் கைக்குப் போக வேண்டிய கம்பியும் சென்சார் கையிலேயே சேர்ந்துவிட்டது. தெரியாமல் செய்தது என்று சொல்ல முடியுமா? தெரியாதவன் அந்த இரண்டாவது சிவப்புத் துண்டை ஏன் ஒட்டவைக்கிறான்?

கடைக்குப் போன் போட்டேன். "கண்ட்ரோலர் பழசுங்க தம்பி, அதான் தப்பா காட்டுது, புதுசு மாத்திருங்க" என்றார். இன்னும் ஒன்று விற்கப் பார்க்கிறார்! ஓம் கணக்கைச் சொன்னதும், "அட, அதுக்கு எதுக்கு டென்ஷன், கண்ட்ரோலர்ல ஆஃப்செட் மைனஸ் 13 போட்டுக்குங்க, முடிஞ்சுது" என்றார்.

ஆஃப்செட் என்றால் காட்டுகிற எண்ணில் இருந்து எப்போதும் ஒரே அளவைக் கழிப்பது. இந்த ஆஃப்செட் பேச்சை நம்பாதீர்கள். செம்பும் சூட்டுக்குத் தடை ஏறுகிற உலோகம்தான், டிகிரிக்கு 0.4 சதவீதம் வரை. எங்கள் கேபிள் ஸ்டீம் லைன் ஓரமாக ஓடுகிறது. காலையில் பாய்லர் ஏற்றும் முன் இருந்ததைவிட கேபிள் 25 டிகிரி சூடானால் 5.2 ஓம் 5.7 ஆகிவிடும். அது மட்டுமே ஒரு டிகிரிக்கு மேல். முறுக்கி விட்ட ஜாயிண்டில் ஈரமும் உப்பும் ஏறினால் எவ்வளவு கூடும் என்று சொல்லவே முடியாது. காலை லாட்டும் மாலை லாட்டும் ஒரே ஷேடு வராது, பார்ட்டி இரண்டு ரோலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு டெபிட் நோட் அனுப்புவார்.

நேரில் போய் ஸ்லீவைக் காட்டினேன். "மூணு வயர் கேட்டீங்க, முனையில மூணு வயர் இருக்குல்ல?" என்று அந்த மனுஷன் கண்ணைப் பார்த்தே சொன்னார். பில்லை எடுத்துப் பார்த்தால் "பிடி100 சென்சார் வித் கேபிள்" என்று மட்டும் எழுதியிருக்கிறது, எத்தனை கோர் என்று இல்லை. மாட்டிய பையனைக் கேட்டால், "முதலாளி குடுத்ததை மாட்டினேங்கண்ணா." அதற்கப்புறம் போனை எடுப்பதில்லை. 35,000-ஐ விடுங்கள், அந்த 3,400-ஐக் கூடத் திருப்பித் தரவில்லை. மொத்தம் 38,400.

இதில் எரிச்சல் என்னவென்றால், சென்சார் நல்ல சென்சார்தான். எலக்ட்ரீஷியன் 1 சதுர மில்லிமீட்டரில் மூன்று கோர் கேபிள் இழுத்து, சென்சார் தலையில் டெர்மினல் வைத்து மாட்டினார். இப்போது சிவப்புக்கும் சிவப்புக்கும் ஒரு ஓம் சொச்சம் வருகிறது, தெர்மாமீட்டரும் பேனலும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போகிறது. இந்தத் தடிமன் கம்பியையே இரண்டு வயராக விட்டிருந்தாலும் 30 மீட்டரில் இரண்டரை டிகிரிக்கு மேல் தப்பு வந்திருக்கும், அதனால் "தடிமனா போட்டுக்கலாம், மூணு கோர் வேண்டாம்" என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

எப்படி வாங்குவது என்று விளக்கமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், கை ஓடவில்லை. பில்லில் "மூன்று கோர், இத்தனை மீட்டர், நடுவில் ஜாயிண்ட் இல்லை" என்று எழுதி வாங்குங்கள். மாட்டிய பிறகு பேனல் முனையில் சிவப்பு-சிவப்பு அளந்து பாருங்கள், நீளமான கேபிளில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் ஆளை அப்போதே நிறுத்துங்கள். வெள்ளை-சிவப்பில் வந்ததில் இருந்து சிவப்பு-சிவப்பைக் கழித்தால் சென்சாரின் ஓம் வர வேண்டும். மூன்று கம்பியும் ஒரே கேபிளில் ஒரே தடிமனாக இருக்கட்டும், ஒன்றை மட்டும் வேறு வயரில் நீட்டினாலோ ஒரு டெர்மினல் மட்டும் துரு ஏறினாலோ மூன்று வயரும் காப்பாற்றாது. ஆஃப்செட் போடச் சொல்கிற கடையில் எதுவும் வாங்காதீர்கள். அந்த ஸ்லீவையும் முறுக்கிய வயரையும் கவரில் போட்டு வைத்திருக்கிறேன், நுகர்வோர் கோர்ட்டில் கொடுக்கலாமா என்று வக்கீலிடம் கேட்கப் போகிறேன்.