பெட்டியிலேயே முற்றவிடுவதா, எடுத்து வற்றவைப்பதா? ஏற்காட்டுக் காபிப் பூத் தேன்

சேர்வராயன் மலையில் மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் காபி பூத்துவிடும். பூ இரண்டு மூன்று நாள்தான் வெள்ளையாக நிற்கும். அதற்குள் தேனீப் பெட்டியின் மேலடுக்கான தேன் அறை நிரம்பும், அடுத்த மழையும் மேகம் கட்டும். "அண்ணா, மழைக்கு முன்னாடியே எடுத்துடலாமா?" என்று நாகலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் வருடா வருடம் கேட்பார். எடுக்கலாம். ஆனால் அது தேனாகிவிட்டதா என்பதுதான் கேள்வி.

பூவிலிருந்து ஈ கொண்டுவருவது மது என்கிற இனிப்புத் தண்ணீர்தான். 30 சதவீதம் சர்க்கரையுள்ள மது ஒரு கிலோ வந்தால், அதில் சர்க்கரை 300 கிராம். ஈரம் 20 சதவீதமாகும்போது 375 கிராம் தேன் மிஞ்சும். மீதி 625 கிராம் தண்ணீரை ஈக்கள் வெளியேற்றியாக வேண்டும். நம் உணவுத் தர விதியில் தேனின் ஈரத்துக்கு உச்ச வரம்பும் அந்த 20 சதவீதம்தான்.

முதல் வழி, ஈக்களிடமே விடுவது. வெளியிலிருந்து வந்த ஈ, உள்ளே இருக்கும் ஈயிடம் மதுவைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். வாங்கிய ஈ அடையில் அசையாமல் நின்று, ஒரு சொட்டை வாய்க்கு வெளியே கொண்டுவந்து, நாக்கை மடக்கி விரித்து, திரும்ப உள்ளே இழுக்கும். கால் மணி நேரத்துக்கு மேல் இதே வேலை. சொட்டு மெல்லிய படலமாக விரிவதால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். அப்புறம் அடையின் கண்ணறைகளில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிறையும்படி பரப்பி வைக்கும். மற்ற ஈக்கள் சிறகால் விசிறிக் காற்றை ஓடவிடும்.

விசிறல் மட்டும் இதைச் செய்வதில்லை. தேனுக்கும் காற்றுக்கும் ஈரக் கணக்கு உண்டு: காற்றின் ஈரப்பதம் 60 சதவீதமானால் தேன் சுமார் 18 சதவீத ஈரத்தில் நிற்கும், 70 ஆனால் 24-இல் நின்றுவிடும். அதற்குக் கீழே எவ்வளவு விசிறினாலும் வற்றாது. ஏற்காட்டில் 20 டிகிரி, 80 சதவீத ஈரமுள்ள காலைக் காற்று பெட்டிக்குள் போய், புழுக்கள் வளரும் அறையின் 34 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இப்படி வறண்ட காற்றுதான் மதுவின் தண்ணீரை உறிஞ்சுகிறது. தேனீ சூடாக்குவது காற்றை, தேனை அல்ல.

இங்கே நம் அடுக்குத் தேனீக்கும் இத்தாலியத் தேனீக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வாசலில் இத்தாலியத் தேனீ தலையை உள்நோக்கி வைத்து விசிறிக் காற்றை வெளியே இழுக்கும். அடுக்குத் தேனீ தலையை வெளிநோக்கி வைத்து, வெளிக்காற்றை உள்ளே தள்ளும். நம் ஈயின் தேனில் ஈரம் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். முற்றிவிட்டது என்று ஈக்கள் மெழுகு மூடி போட்ட தேனிலும் ஈரம் 20-ஐத் தாண்டுவதுண்டு.

இரண்டாவது வழி, முற்றாத தேனை எடுத்து நீராவிப் பாத்திரத்தில் 60 டிகிரிக்கு மேல் சூடாக்குவது. புளிக்கவைக்கும் ஈஸ்ட் சாகும், அது உண்மை. ஆனால் தண்ணீர்? 24 சதவீத ஈரமுள்ள 10 கிலோவை 20-க்குக் கொண்டுவர அரை லிட்டர் போனால் போதும். கேட்கச் சின்னதுதான். ஆனால் அண்டாவில் தேனின் மேற்பரப்பு கொஞ்சம், ஆழம் அதிகம். அந்த அரை லிட்டர் போவதற்குள் காபிப் பூ வாசனையும் போய்விடும், நொதிகள் அழியும், தேன் சூடுபட்டதைக் காட்டிக்கொடுக்கும் எச்.எம்.எஃப். என்ற சேர்மம் கூடும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மூன்றாவது, மெழுகு மூடி விழாத அடைகளைச் சட்டத்தோடு எடுத்து, சின்ன அறையில் நிறுத்தி, தேனீ செய்வதையே செய்வது. ஹீட்டரால் அறையை 34, 35 டிகிரியில் வைத்து, விசிறி ஓடவிட்டு, ஈரக் காற்று வெளியேற வழி விட வேண்டும். மலையில் மழை நாளில் வெறும் விசிறி மட்டும் போட்டால் தேன் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சேலத்தில் ஏப்ரல் மதியம் வெயில் வறண்டிருக்கும்போது, சட்டங்களை நெட்டாக நிறுத்திக் கீழே கொண்டுபோய் வலையடித்த அறையில் விசிறி போட்டாலே வேலை நடக்கும். மெழுகு இளகிவிடாமல் நிழலில் வைக்க வேண்டும்.

என் தேர்வு முதல் வழிதான், பூ வருமுன்பே இரண்டாவது தேன் அறையை ஏற்றிவைத்து. மதுவைப் பரப்ப இடம் இருந்தால் சீக்கிரம் வற்றும். இடம் இல்லாவிட்டால் முற்றுவது தாமதமாகும், கூட்டம் பிரியவும் பார்க்கும். அடையில் முக்கால்வாசி மெழுகால் மூடியிருந்தால் எடுக்கலாம். சந்தேகமானால் சட்டத்தைப் படுக்கவைத்து ஒரு உதறு உதறுங்கள். மூடாத கண்ணறைகளிலிருந்து சொட்டு தெறித்தால் இன்னும் ஆகவில்லை. மழை நிற்காமல் பிடித்துக்கொண்டால் மட்டும் மூன்றாவது வழி. பாட்டிலில் போடும் முன் ஈரம் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு பாருங்கள். 20-க்கு மேல் காட்டினால் சில வாரத்தில் நுரை ஏறும், புளிப்பு வாடை வரும், மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று வரும். அந்தத் தேனை விற்காதீர்கள்.