தானாக வரும் டாஷ்போர்டா, கையால் எழுதும் ஒரு பக்கக் குறிப்பா? ஐந்து பேர் கடைக்கான வாராந்திர அலசல்

காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி இணையத்தில் விற்கும் சிறு கடையொன்றின் கணக்குகளை நான் பார்த்துவருகிறேன். செக்கைக் கவனிப்பவர், பொட்டலம் கட்டிக் கூரியரில் சேர்ப்பவர், வாட்ஸ்ஆப்பிலும் தொலைபேசியிலும் வாடிக்கையாளரிடம் பேசுபவர், கடையின் உரிமையாளரான அம்மா, நான் என மொத்தம் ஐந்து பேர். தளத்துக்கு வருவோரைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸை என்னைத் தவிர வேறு யாரும் திறந்து பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. ஆயினும் தளத்தில் அந்த வாரம் நடந்தவற்றுள் தங்கள் வேலையை மாற்றக்கூடிய இரண்டு மூன்று செய்திகள் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். முதல் ஓராண்டு இதற்கு, எண்களை வரைபடமாக்கும் லுக்கர் ஸ்டூடியோவில் கட்டிய டாஷ்போர்டை மின்னஞ்சலில் தானாக அனுப்பிவந்தேன். அதன்பின் அதை நிறுத்திவிட்டு, செவ்வாய்தோறும் ஒரு பக்கக் குறிப்பைக் கையால் எழுதிவருகிறேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது இதிலேயே தெரிந்திருக்கும். கீழே வரும் விற்பனை எண்களை, விகிதம் கெடாமல், சற்று மாற்றித் தந்திருக்கிறேன்.

டாஷ்போர்டின் நன்மைகளை அதிகம் விளக்கத் தேவையில்லை. காசு இல்லை, அழகான வரைபடங்கள் உண்டு, ஒருமுறை நேரம் குறித்துவிட்டால் வாரந்தோறும் பிடிஎஃப் கோப்பாகத் தானே போய்விடும். அனலிட்டிக்ஸ் தானாகக் கண்டுபிடித்து அனுப்பும் எச்சரிக்கை மின்னஞ்சலையும் சில வாரம் முயன்றோம். ஒரு நாளில் நான்கு பேர் கூடுதலாக வந்ததைக்கூடச் செய்தியாக்கியதால் அதை விட்டுவிட்டோம். பவர் பிஐ போன்ற பிற மென்பொருள்களை நான் ஒரு மாதத்துக்கு மேல் பழகவில்லை என்பதால் அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

உழைப்பு நேரத்தை மட்டும் கணக்கிட்டால் டாஷ்போர்டே வெல்லும். அதைக் கட்ட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. குறிப்புக்கோ வாரத்துக்கு ஐம்பது நிமிடம், அதாவது ஆண்டுக்கு நாற்பத்து மூன்று மணி நேரம் செலவாகிறது. இருந்தும் நான் மாறியதற்குக் காரணம் பராமரிப்பு. கட்டிய பிறகு ஏதேனும் ஒன்று பழுதாகும்போது அது யாருக்கு, எத்தனை நாளில் தெரியவரும் என்பதே இங்கே பராமரிப்பின் உண்மையான அளவுகோல். குறிப்பு வராவிட்டால் செவ்வாய் மாலையே பொட்டலம் கட்டும் அண்ணன் "என்னங்க, இந்த வாரம் ஒண்ணும் வரலையே" என்று கேட்டுவிடுவார். டாஷ்போர்டுக்குள் ஓர் எண் பொய்யாகிவிட்டாலோ, அதே நேரத்துக்கு, அதே நிறத்தில், அதே அழகோடு அது வந்துகொண்டிருக்கும்.

எங்களுக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒரு வாரம் டாஷ்போர்டில் ஆர்டர் எண்ணிக்கை 61இலிருந்து 38ஆக இறங்கி, 38 சதவீதம் சரிவு என்று சிவப்பு அம்புக்குறி நின்றது. அம்மா பதறிப்போய் விலையைக் குறைக்கலாமா என்று கேட்டார். கூரியர் ரசீதுகளை எண்ணிப் பார்த்தபோது அந்த வாரம் 63 பொட்டலங்கள் போயிருந்தன, முந்தைய வாரம் 66. விற்பனை குறையவே இல்லை. தளத்தைப் பராமரிப்பவர் நன்றி சொல்லும் பக்கத்தின் முகவரியை மாற்றியிருந்தார். பழைய முகவரியை நம்பி அமைத்திருந்த, ஒவ்வொரு ஆர்டரையும் அனலிட்டிக்ஸில் பதியும் purchase நிகழ்வு, பல ஆர்டர்களுக்குப் பதிவாகாமல் போய்விட்டது. மென்பொருளின் மீது குற்றமில்லை, தனக்கு வந்த எண்ணை அது நேர்மையாக வரைந்தது. ஆனால் அந்த எண்ணைச் சந்தேகிக்கும் இடம் எதையும் நான் அதில் அமைத்திருக்கவில்லை.

இந்த இடைவெளி பழுது இல்லாத வாரத்திலும் இருக்கவே செய்யும். யுபிஐ வழியாகப் பணம் கட்டும் பலர், பணம் போனதும் அந்தச் செயலியிலேயே நின்றுவிடுகிறார்கள். தளத்துக்குத் திரும்பி நன்றிப் பக்கத்தைப் பார்ப்பதில்லை என்பதால் அந்த ஆர்டர் அனலிட்டிக்ஸில் விழுவதில்லை. பேரேட்டில் 66, அனலிட்டிக்ஸில் 61 என்பது எங்களுக்கு வழக்கமான வித்தியாசம். ஆகவே குறிப்பின் முதல் வரி எப்போதும் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைக்கிறது. நூறு ஆர்டருக்குத் தொண்ணூறுக்குக் குறைவாக அனலிட்டிக்ஸ் காட்டினால், அந்த வாரத்தின் மற்ற எந்த ஆர்டர் எண்ணையும் வைத்து முடிவெடுப்பதில்லை. டாஷ்போர்டிலும் பேரேட்டை இணைத்து இதே வரியைக் கொண்டுவர முடியும். ஆனால் அந்த இணைப்பும் ஒருநாள் அறுபடும், அதையும் யாரேனும் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

குறிப்பைத் திங்களன்று எழுதாமல் செவ்வாய் வரை காத்திருப்பதற்கும் இதையொத்த காரணம் உண்டு. அனலிட்டிக்ஸ் நான்காம் பதிப்பு ஒரு நாளின் கணக்கை முடிக்க 24 முதல் 48 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. திங்கள் காலை எட்டு மணிக்குப் போன எங்கள் டாஷ்போர்டில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் அரைகுறையாகவே இருந்தது. எங்களுக்கோ ஞாயிறுதான் அதிகம் விற்கும் நாள்.

அடுத்தது, எந்த மூன்றைத் தேர்ந்தெடுப்பது என்பது. சிறு கடையில் எண்கள் சிறியவை, சிறிய எண்கள் காரணமே இல்லாமல் ஆடும். தேங்காய் எண்ணெய் ஒரு வாரம் 22 ஆர்டர், மறு வாரம் 15 என்றால் 32 சதவீதச் சரிவு என்று டாஷ்போர்டு சிவப்பில் எழுதும். அதற்கு நான் கையாளும் எளிய சோதனை ஒன்று உண்டு. இரு வார எண்களையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் கவனியுங்கள். 22ஐயும் 15ஐயும் கூட்டினால் 37, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 6.1, இரு மடங்கு 12. வித்தியாசமோ 7 மட்டுமே, ஆகவே விட்டுவிடலாம். முன்னே சொன்ன 61, 38 ஆகியவற்றில் வித்தியாசம் 23, எல்லை ஏறத்தாழ 20. அதைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது, பார்த்தபோது பழுது வேறிடத்தில் இருந்தது. இந்த வாரம் B பத்தியிலும் போன வாரம் C பத்தியிலும் இருந்தால், ஷீட்டில் இந்த ஒரு வரி போதும்:

```
=IF(ABS(B2-C2)>2*SQRT(B2+C2),"பார்க்கவும்","விடவும்")
```

இந்தச் சோதனைக்கு எல்லைகள் உண்டு. தனித்தனியாக வரும் ஆர்டர்களின் எண்ணிக்கைக்கே இது பொருந்தும். ரூபாய்க்கும் லிட்டருக்கும் பொருந்தாது, ஏனென்றால் கல்யாணச் சமையல்காரர் ஒருவர் ஐம்பது லிட்டர் வாங்கினால் கணக்கே குலைந்துவிடும். பத்துக்குக் கீழான எண்களில் நான் இதை நம்புவதில்லை. மேலும், ஒன்றுமே மாறாத வாரத்திலும் இருபது வரிகளைச் சோதித்தால் சராசரியாக ஒரு வரி தற்செயலாகவே எல்லையைத் தாண்டும் என்பதால் எட்டு வரிகளுக்கு மேல் நான் சோதிப்பதில்லை. டாஷ்போர்டில் வரைபடங்கள் பெருகப் பெருக, இப்படிப்பட்ட பொய்ச் சிவப்புகளும் பெருகியதைப் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டின் இதே வாரத்தோடு ஒப்பிடும் பத்தியையும் எடுத்துவிட்டேன். தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20 என்று நகர்ந்துவிட, அந்தப் பத்தி ஒரு வாரம் பெரிய உயர்வையும் அடுத்த வாரம் பெரிய வீழ்ச்சியையும் காட்டியிருக்கும். இரண்டுமே நாட்காட்டியின் வேலை.

நன்றிப் பக்கம் பழுதான அதே வாரத்தின் தரவை வைத்துத்தான் முதல் குறிப்பை எழுதினேன். அதில் இடம்பெற்ற மூன்று செய்திகளைச் சொன்னால், இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். முதலாவது, மேலே சொன்ன பதிவுப் பழுது. பேரேடு 63, அனலிட்டிக்ஸ் 38, விற்பனை சரியாகவே இருக்கிறது, விலையைத் தொட வேண்டாம், நிகழ்வைப் புதிய முகவரிக்கு வியாழனுக்குள் நான் மாற்றுவேன். இரண்டாவது, ஐந்து லிட்டர் கடலை எண்ணெய்ப் பக்கத்தை 140 முறை பார்த்திருக்கிறார்கள், ஆனால் அந்தச் சரக்கு நான்கு நாள் இல்லை. வாட்ஸ்ஆப்பில் நாங்களே அனுப்பிய இணைப்பு அவர்களை அங்கே கூட்டிவந்திருந்தது. இனி இணைப்பை அனுப்புவதற்கு முன் பொட்டலம் கட்டும் அண்ணனிடம் இருப்பைக் கேட்பது வாட்ஸ்ஆப் பார்ப்பவரின் பொறுப்பு. மூன்றாவது, தளத்தின் தேடல் பெட்டியில் 19 பேர் gingelly என்று தேடி, ஒன்றும் கிடைக்காமல் போயிருக்கிறார்கள். சரக்கின் பெயரை நாங்கள் Nallennai என்று மட்டும் எழுதியிருந்தோம். மற்றப் பெயர்களையும் சேர்ப்பது அம்மாவின் பொறுப்பு, பத்து நிமிட வேலை.

இந்தத் தேடற்சொற்கள் டாஷ்போர்டின் மூன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணையாக ஓராண்டு முழுவதும் இருந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். நானே கட்டிய அட்டவணையை நானே படிக்கவில்லை. எழுத வேண்டும் என்ற கட்டாயம் வந்தபோதுதான் படித்தேன்.

ஒவ்வொரு செய்திக்கும் மூன்று வாக்கியம் மட்டுமே தருகிறேன்: கண்டது என்ன, ஏன் அப்படி என்று நினைக்கிறேன், யார் எந்த நாளுக்குள் என்ன செய்வது. நடுவிலுள்ள வாக்கியம் பெரும்பாலும் ஊகம் என்பதால் "நினைக்கிறேன்" என்ற சொல்லை அதில் விடாமல் எழுதுகிறேன். அடுத்த வாரக் குறிப்பு, பேரேட்டு வரிக்குப் பிறகு, போன வாரத்தின் மூன்றும் நடந்தனவா என்பதிலேயே தொடங்குகிறது. மூன்று செய்தி தேறாத வாரங்களில் இரண்டோ ஒன்றோ எழுதி நிறுத்திக்கொள்கிறேன். எண்ணிக்கையை நிரப்புவதற்காக எழுதிய மூன்றாவது செய்தியை யாரும் செய்ததில்லை.

குறிப்பின் குறையையும் மறைக்கமாட்டேன். அது என் ஒருவன் கையில் இருக்கிறது. சென்ற ஆண்டு எனக்குக் காய்ச்சல் வந்த இரண்டு வாரமும் குறிப்பு வரவில்லை. நான் எதைச் செய்தியாகக் கருதுகிறேனோ அதுவே செய்தியாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. பத்துப் பேருக்கு மேல் உள்ள குழுவிலோ, விளம்பரத்துக்கு அன்றாடம் காசு போடும் கடையிலோ இது தாங்குமா என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. அன்றன்றைய செலவைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு வாரக் குறிப்பு தாமதமானதாகவே இருக்கும் என்று தோன்றுகிறது.

டாஷ்போர்டை நான் அழித்துவிடவில்லை. தானாகப் போகும் மின்னஞ்சலை மட்டும் நிறுத்திவிட்டேன். செவ்வாய் காலை குறிப்பு எழுத உட்காரும்போது அதை என் திரையில் திறந்துவைத்து, பக்கத்தில் கூரியர் ரசீதுக் கட்டையும் வைத்துக்கொள்கிறேன். எண்ணத் தொடங்குவது ரசீதிலிருந்துதான்.