* என்னும் உடுக்குறியை இருந்த இடத்தில் விடுவதா, அது சுட்டும் அடிக்குறிப்பை வரிக்கு உள்ளே கொண்டுவருவதா?

திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி நோட்டீசை எழுத்துக்கு எழுத்து படியெடுத்தபோது, இரண்டு வழிகளையும் செய்து பார்த்தேன். மேலே மூன்று வரிகள் இருந்தன: "50% வரை தள்ளுபடி*", "தங்க நாணயம்**", "பட்டுக்கு 10%*". அடியில் பொடி எழுத்தில் "**குலுக்கல் முறையில்" என்பது முதலிலும், "*தேர்ந்தெடுத்த ரகங்களுக்கு மட்டும்" என்பது அடுத்தும் அச்சாகியிருந்தன.

குறிப்பை அந்தந்த வரியிலேயே அடைப்புக்குறிக்குள் சேர்த்தால் காதால் கேட்பவருக்கு வசதிதான்; ஆனால் ஒற்றை உடுக்குறியின் குறிப்பை இருமுறை எழுத நேர்வதுடன், அச்சிலிருந்த வரிசையும் மறைந்துவிடுகிறது.

குறிகளை அப்படியே விட்டு, குறிப்புகளை அச்சிலுள்ள வரிசையிலேயே இறுதியில் எழுதுவதையே நான் விரும்புகிறேன். வரிசையை நம்பி இணைக்காமல் உடுக்களை எண்ணியே இணைக்க வேண்டும்; இல்லையெனில் குலுக்கலில் மட்டுமே கிடைக்கும் நாணயம், தேர்ந்தெடுத்த ரகத்தை வாங்கும் எவருக்கும் உறுதி என்றாகிவிடும். பொடி எழுத்தில் இரண்டு உடுக்கள் ஒட்டி ஒன்றாகத் தெரிவதால், பெரிதாக்கிப் பார்த்த பிறகே எண்ணுவேன். மேலே இணையில்லாத குறிப்பு ஒன்று அடியில் மிஞ்சினால், எங்கோ ஓர் உடுவைத் தவறவிட்டிருக்கலாம் என்று மறுபடி தேடுவேன். தேடியும் கிடைக்காவிட்டால், நானாக ஒரு குறியைச் சேர்க்காமல் அச்சில் உள்ளபடியே விடுவேன்.