'ரிப்போர்ட் வரட்டும்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

சனிக்கிழமை இரவு 11 மணிக்கு ஆணுறை கிழிந்தது. உடனிருந்தவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஞாயிறு காலை 11 மணிக்குச் சென்னையில் ஒரு தனியார் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை வேண்டும் என்று வாய்விட்டே கேட்டேன். "முதலில் ரத்தப் பரிசோதனை, ரிப்போர்ட் பார்த்துதான் மாத்திரை" என்றார் டாக்டர். 4,500 ரூபாய் கட்டினேன்.

திங்கள் மாலை 6 மணிக்கு ரிப்போர்ட் வந்தது. நெகட்டிவ். "ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அந்த ரத்தம் சம்பவம் நடந்து 12 மணி நேரத்தில் எடுத்தது. அன்று கிருமி உள்ளே வந்திருந்தாலும் எந்தப் பரிசோதனையிலும் தெரியாது. அது சொன்னதெல்லாம் சனிக்கிழமைக்கு முன்பு எனக்குத் தொற்று இல்லை என்பதை மட்டும்தான். அந்தப் பரிசோதனை தேவைதான், ஆனால் அதற்காக மாத்திரையை நிறுத்தி வைக்கவே கூடாது. மாத்திரையைத் தொடங்க 72 மணி நேரம் என்பது கடைசி எல்லை. அதுவரை ஆற அமர யோசிக்கலாம் என்று அர்த்தமில்லை. முதல் இரண்டு மணி நேரத்தில் விழுங்கினால்தான் நல்லது. தள்ளத் தள்ளப் பலன் குறையும். என்னுடைய 43 மணி நேரம் இப்படிப் போனது.

நர்ஸாக இருக்கும் சித்தி மகளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அண்ணா, இப்பவே ஜி.எச். கேஷுவாலிட்டிக்குப் போ" என்றாள். இரவு 9 மணிக்கு, 46-ஆவது மணி நேரத்தில், முதல் மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். காசு கேட்கவில்லை. மறுநாள் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மீதியைத் தந்தார்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள்.

அங்கிருந்த கவுன்சிலர் அம்மா என் பையிலிருந்த சத்து மாத்திரையை வாங்கிப் பார்த்தார். அதில் கால்சியமும் இரும்பும் இருந்தன. வெறும் வயிற்றில் அதையும் தடுப்பு மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராதாம். வயிற்றெரிச்சலுக்குப் போடும் ஆன்டாசிடும் அப்படித்தான். இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, இவற்றைச் சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்தோதான் தடுப்பு மாத்திரையைப் போட வேண்டும். "குமட்டுதுன்னு ஜெலுசில் குடிச்சிடாதீங்கப்பா" என்றார். முதல் வாரம் எனக்கு உண்மையிலேயே குமட்டியது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் குடித்திருப்பேன்.

28 நாள் முடிந்ததும் அந்தக் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. "ஒரு டெஸ்ட் எடுத்துட்டா முழுசா கிளியர்" என்றார்கள். அதுவும் தவறு. மாத்திரை போட்டவர்களுக்கு, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிரணு பரிசோதனையில் தாமதமாகத் தெரிய வாய்ப்புண்டு என்பதால், மாத்திரை முடிந்த கையோடு எடுக்கும் நெகட்டிவை நம்பி ஆணுறையை விட்டுவிடக் கூடாது. எனக்கு எழுதித் தந்தது 6 வாரம், 3 மாதம், 6 மாதம். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் அரசு நம்பிக்கை மையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

முதல் இரண்டும் நெகட்டிவ். மூன்றாவதற்கு அடுத்த மாதம் போகிறேன். எங்கே போவதென்று தெரியாதவர்கள் அரசின் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை.