ஏடிஎக்ஸா, மைக்ரோவா, ஐடிஎக்ஸா: இரண்டாவது கார்டு போடுகிறவர்களுக்கு

போன தை மாதம் என் கணினியில் மதர்போர்டையும் கேபினெட்டையும் மட்டும் மாற்றினேன். பிராசசர், ராம், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் பழையதுதான். மைக்ரோ ஏடிஎக்ஸிலிருந்து ஏடிஎக்ஸுக்குப் போனேன். "நல்லா ஓடிட்டிருந்த போர்டை எதுக்கு மாத்தினே?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சேலம் சுற்றுவட்டாரத்தில் கல்யாண நேரலை செய்வது என் வேலை. கிராபிக்ஸ் கார்டு ஒன்று, கேமரா படத்தை உள்ளே வாங்கும் கேப்சர் கார்டு ஒன்று, ஆக மொத்தம் இரண்டு கார்டு. இந்த இரண்டாவது கார்டு இல்லாதவர்களுக்கு நான் கீழே சொல்லும் பெரும்பாலான விஷயம் தேவைப்படாது. மைக்ரோ ஏடிஎக்ஸே போதும், காசும் மிச்சம்.

அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏடிஎக்ஸ் போர்டு 305 மில்லிமீட்டர் உயரம், 244 அகலம். மைக்ரோ ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244க்கு 244. மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. பெரிய கேபினெட்டில் சின்ன போர்டு உட்காரும், சின்னதில் பெரியது உட்காராது. கேபினெட்டின் பின்பக்கம் கார்டுகளுக்கான வாய்களை எண்ணினாலே எது என்று தெரிந்துவிடும்: ஏடிஎக்ஸுக்கு ஏழு, மைக்ரோவுக்கு நான்கு. ஐடிஎக்ஸ் போர்டில் ஸ்லாட்டே ஒன்றுதான்.

இனி என் பிரச்சினைக்கு வருகிறேன். பழைய போர்டு எல்ஜிஏ 1700 சாக்கெட், பி760 சிப்செட், மைக்ரோ ஏடிஎக்ஸ். அதில் இரண்டு நீள ஸ்லாட்டுகள் இருந்தன. மேலே கிராபிக்ஸ் கார்டு, கீழே கேப்சர் கார்டு. ஒரு வருடம் 1080பியில் நேரலை செய்தேன், ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரே கேமராவை 4கேயில் வாங்கி, அதிலிருந்தே மணமேடை முழுவதும் ஒரு காட்சி, தாலி கட்டும் கை மட்டும் நெருக்கமாக ஒரு காட்சி என்று வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தில் முந்தின நாள் மாலை வைத்துப் பார்த்தபோது, உதவிக்கு வந்த தம்பி திரையைக் காட்டி, "அண்ணே, படம் நின்னு நின்னு வருதுண்ணே" என்றான். கேபிளை மாற்றினோம். டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினோம். மாறவே இல்லை. மறுநாள் முகூர்த்தத்தை 1080பியிலேயே முடித்தேன்.

காரணம் கீழ் ஸ்லாட்டில் இருந்தது. லேன் என்பது தரவு போய்வரும் பாதை. பார்க்க பதினாறு லேன் நீளம், ஆனால் உள்ளே இணைப்பு கொடுத்திருந்தது ஒரே ஒரு லேனுக்குத்தான். கேப்சர் கார்டு நான்கு லேன் கேட்கும் பிசிஐஇ 2.0 கார்டு. ஸ்லாட்டும் கார்டும் சேரும்போது அகலம், தலைமுறை இரண்டிலும் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஸ்லாட் 3.0 ஆக இருந்தும் பயனில்லை, கார்டு 2.0 என்பதால் அந்த ஒரு லேனில் நொடிக்கு 500 மெகாபைட்தான் உச்சம். தரவுப் பொட்டலங்களின் மேல்சுமை போனால் நானூற்றுச் சொச்சம்தான் மிஞ்சும்.

இப்போது படத்தின் கணக்கு. 4கே என்றால் 3840 பெருக்கல் 2160, ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். சுருக்காத 8 பிட் 4:2:2 படத்தில் ஒரு புள்ளிக்கு இரண்டு பைட். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 498 மெகாபைட். நானூற்றுச் சொச்சம் போகிற வழியில் இது போகாது. அதே கணக்கில் 1080பி 60 ஃபிரேமுக்கு 249 மெகாபைட்தான் வரும். ஒரு வருடமாக ஏன் குறையே தெரியவில்லை என்பதற்கும் இதுதான் பதில். நான்கு லேனும் இருந்திருந்தால் 2000 மெகாபைட் வரை இடம் இருந்திருக்கும்.

இதை வாங்கும் முன்பே கண்டுபிடித்திருக்கலாம். போர்டு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஸ்லாட் விவரத்துக்குப் பக்கத்திலேயே `supports x4 mode` அல்லது `supports x1 mode` என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். கடையில் போர்டைக் கையில் வாங்கினால் ஸ்லாட்டுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பல போர்டுகளில் தங்க நிறக் கம்பிகள் முழு நீளத்துக்கும் இருக்காது, முன்பகுதியோடு நின்றுவிடும். ஏற்கெனவே போட்டுவிட்ட கார்டு என்றால், லினக்ஸ் பென்டிரைவில் கணினியைத் துவக்கி இதை அடியுங்கள்:

```
sudo lspci -vv | grep -E "^[0-9a-f]|LnkCap:|LnkSta:"
```

`LnkCap` என்பது கார்டால் முடிந்தது, `LnkSta` என்பது இப்போது கிடைப்பது. எனக்கு முதலாவதில் `Width x4` என்றும் இரண்டாவதில் `Width x1` என்றும் வந்தது. அதோடு சந்தேகம் தீர்ந்தது. இன்னொன்றையும் கையேட்டில் பார்த்துவிடுங்கள். சில போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி போட்டால் கீழ் ஸ்லாட்டின் லேன்கள் பறிபோகும்.

சரி, நான்கு லேன் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு வாங்கினால் போதாதா? அப்படிப்பட்ட போர்டுகள் உண்டு. நானும் முதலில் அதைத்தான் தேடினேன். என்னைத் தடுத்தது கிராபிக்ஸ் கார்டின் தடிமன். ஸ்லாட்டுக்கும் ஸ்லாட்டுக்கும் இடைவெளி 20.32 மில்லிமீட்டர். முதல் வாயில் கிராபிக்ஸ் கார்டும் நான்காவது வாயில் கேப்சர் கார்டும் இருந்தால் நடுவே 61 மில்லிமீட்டர். என் கிராபிக்ஸ் கார்டு இரண்டரை ஸ்லாட் தடிமன், அதுவே 50 தின்றுவிடும். மீதி ஒரு விரல் அகலம். விசிறிகள் கீழ்நோக்கித்தான் இருக்கும். அந்த ஒரு விரல் சந்திலிருந்துதான் காற்றை இழுக்க வேண்டும். சித்திரையில், ஏசி இல்லாத மண்டபத்து மூலையில், மூன்று மணி நேரம் ஓடும் கணினிக்கு அது போதாது. விசிறிச் சத்தம் மைக்கில் விழுகிற அளவுக்கு ஏறிவிடும்.

இப்போதைய ஏடிஎக்ஸ் போர்டில் கிராபிக்ஸ் கார்டு இரண்டாவது வாயில், கேப்சர் கார்டு ஏழாவதில். இடையே இரண்டு அங்குலம் காலியாக இருக்கிறது, கையை உள்ளே விடலாம். ஏழாவது ஸ்லாட் நான்கு லேன். 4கே 30 ஃபிரேமில் தட்டாமல் தடங்காமல் ஓடுகிறது. ஒரு தொந்தரவு என்றால், கடைசி ஸ்லாட்டுக்கு அடியில்தான் முன்பக்க பட்டன்களுக்கும் யுஎஸ்பிக்கும் உரிய ஊசிகள் இருக்கின்றன. கார்டைச் செருகும் முன் அந்த ஒயர்களை மாட்டி, படுக்க வைத்து மடக்கிவிட வேண்டும். அப்புறம், விலை குறைந்த ஏடிஎக்ஸ் போர்டுகள் 244 முழு அகலம் இருக்காது. ராம் பக்கத்து ஓரத்துக்குத் திருகே வராது. ராமை அழுத்தும்போது போர்டு வளையும், அடியில் விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு அழுத்துங்கள்.

மைக்ரோ போர்டைப் பெரிய கேபினெட்டில் போட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேபினெட் தகட்டில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் பித்தளை ஸ்டாண்ட் ஆஃப்களில், போர்டின் ஓட்டைக்கு நேராக வராததைக் கழற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் போர்டின் அடியில் உரசி ஷார்ட் ஆகும்.

ஐடிஎக்ஸில் நான் இதுவரை ஒன்றுதான் கட்டியிருக்கிறேன், ஏற்காட்டில் இருக்கும் ஒரு நண்பருக்கு. அதனால் நீண்ட கால அனுபவம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தேவைக்கு அது சரியாகப் பொருந்தியது. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கணினியோடு ஏறி இறங்குகிறவர் அவர். கனமான கிராபிக்ஸ் கார்டு அந்தக் குலுக்கலில் ஸ்லாட்டையே இழுக்கும். நான் மேலே போகும்போது கார்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்வேன். அவருக்கு ஏஎம்5 சாக்கெட்டில் ரைசன் 7 8700ஜி போட்டோம். படத்துக்கு அதன் உள் கிராபிக்ஸே போதும், இருக்கிற ஒரே ஸ்லாட்டில் கேப்சர் கார்டு. இங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு: ஏஎம்5இல் மேல் ஸ்லாட்டுக்கு எத்தனை லேன் என்பதை போர்டு மட்டும் முடிவு செய்வதில்லை. சாதாரண ரைசன் 7600 அதற்குப் பதினாறு லேன் தரும், 8700ஜி எட்டு, 8500ஜி நான்கு. கேப்சர் கார்டுக்கு நான்கே போதும். நாளைக்கு அதே இடத்தில் பெரிய கிராபிக்ஸ் கார்டு வைக்க நினைப்பவர் 8500ஜி வாங்கக் கூடாது.

சாக்கெட்டைப் பொறுத்தவரை, கையில் பிராசசர் இருந்ததால் நான் எல்ஜிஏ 1700லேயே நின்றேன். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகள் இதில் உட்காரும், அதற்கு மேல் கிடையாது. 2024இல் எல்ஜிஏ 1851 வந்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவருக்கு ஏஎம்5ஐச் சொல்வேன். 2022இல் வந்த சாக்கெட், 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது; போர்டை வைத்துக்கொண்டே பிராசசரை மாற்றலாம். கேமராவில் 10 பிட் 4:2:2 எச்.265 பதிவு செய்து, அதையே எடிட் செய்கிறவர்கள் மட்டும் விதிவிலக்கு. இன்டெலின் உள் கிராபிக்ஸ் அந்தக் கோப்பை நேரடியாகப் பிரித்துக் காட்டும், டைம்லைன் இழுக்காது. அதற்கு பிராசசர் பெயரின் கடைசியில் எஃப் இருக்கக் கூடாது. எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் இல்லை.

ராமையும் பார்த்து வாங்குங்கள். ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும்தான். எல்ஜிஏ 1700இல் ஒரே பெயரில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பழைய ராமை வைத்துக்கொள்வதற்காகவே நான் டிடிஆர்4 போர்டு தேடினேன். மைக்ரோவை விட ஏடிஎக்ஸ் போர்டுக்கு மூவாயிரம் ரூபாய் கூட ஆனது, கேபினெட் செலவு தனி. பழைய மைக்ரோ போர்டை, கிராபிக்ஸ் கார்டு மட்டும் போடப்போகிற ஒரு கல்லூரி மாணவருக்குக் கொடுத்துவிட்டேன். சாக்கெட்டின் மேல் வந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதை மாட்டித்தான் கொடுத்தேன். எல்ஜிஏவிலும் ஏஎம்5இலும் ஊசிகள் போர்டில்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் வாங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.